ரத வீதிக்கு வந்த கட்டம்

1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ். அவருடைய அறை ஜன்னலிலிருந்து கீழே பார்த்தால் ஒரு திறந்த சதுக்கம் தெரியும். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கூடியது அங்கேதான். அதன் தரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சில கட்டங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவர் எண்ணினார், சராசரி எடுத்தார், ஆள் நிற்கும் கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினார். கூட்டத்தை அளக்கும் முறை பிறந்தது இப்படித்தான்.

தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஓர் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5, இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் 2.5 என்று அவர் கண்டார். நம் கணக்கில் சொன்னால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1, 2.4, 4.3 பேர். இன்றும் பலர் இந்த மூன்று எண்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1995 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த கறுப்பின ஆண்களின் பேரணிக்கு வந்தவர்கள் 4 லட்சம் பேர் என்றது அங்கிருந்த பூங்காத் துறை. பத்து லட்சம் என்று சொல்லிவந்த அமைப்பாளர்கள் கொதித்தார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபாரூக் எல்-பாஸ் அதே வான்படங்களைக் கட்டம் போட்டு மறுபடி எண்ணிச் சொன்னது 8,37,000. பிழை 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படியானால் 6.7 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை. அந்தச் சண்டையில் என் மதிப்பைப் பெறுவது 8,37,000 என்ற எண் அல்ல, அதோடு ஒட்டிவந்த 20 சதவீதம்தான். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் பூங்காத் துறையைக் கூட்டம் எண்ணவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

இந்தக் கட்டத்தை நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பெர்க்லியில் கட்டம் தரையிலேயே இருந்தது; ரத வீதியில் இல்லை. நாம்தான் வரைய வேண்டும், அதுவும் மொட்டை மாடியிலிருந்து எடுத்த வீடியோவின் ஒரு சட்டகத்தின் மேல். படத்தில் கிட்டே இருக்கும் இடம் பெரிதாகவும் தூரத்து இடம் சிறிதாகவும் தெரியும். ஆகையால் முந்தின நாளே வீதிக்குப் போய், படத்தில் தெரியக்கூடிய நான்கு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்ள வேண்டும். மின்கம்பத்தின் அடி, கடைப் படியின் மூலை, சாக்கடை மூடி என எதுவானாலும் சரி. அந்த நான்கு புள்ளிகளை வைத்துத் தரைக் கட்டங்களைக் கணினி படத்தின் மேல் சாய்வாக வரைந்துகொடுக்கும்.

பெரும்பாலானோர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். கட்டத்தைத் தரையில் வரைகிறோம், ஆனால் கூட்டத்தில் காலடி தெரியாது, தலைதான் தெரியும். 12 மீட்டர் உயர மாடியில் கேமரா இருந்தால், 40 மீட்டர் தள்ளி நிற்பவரின் தலை, படத்தில் சுமார் 46 மீட்டரில் இருக்கும் தரையின் மேல் விழுந்து தெரியும். 5 மீட்டர் கட்டம் போட்டிருந்தால் ஆள் அடுத்த கட்டத்துக்கே போய்விடுகிறார். தீர்வு எளிது: கட்டத்தைத் தரையில் வரையாமல், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், தலைகளின் மட்டத்தில் வரைய வேண்டும். தூரத்துக் கட்டத்தில் சதுர மீட்டருக்கு 6, 7 பேர் என்று வந்தால் கூட்டத்தைச் சந்தேகிப்பதற்கு முன் கட்டத்தைச் சந்தேகியுங்கள்.

இனி கணக்கு. கோயில் வளாகம் 850 அடி நீளம், 756 அடி அகலம் என்பார்கள். அதைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளும் சேர்ந்து 1,100 மீட்டர், ஆள் நிற்கக்கூடிய அகலம் 12 மீட்டர் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். தேர்கள், பந்தல், தடுப்பு எல்லாம் போக 12,000 சதுர மீட்டர் மிஞ்சும். எல்லா இடத்திலும் ஒரே நெரிசல் இருக்காது. வடம் பிடிக்கும் இடமும் தேரை ஒட்டிய இடமும் ஒரு வகை, 1,500 சதுர மீட்டர். தேர் வருவதைப் பார்க்க நிற்கும் ஓரங்கள் இன்னொரு வகை, 4,000. தேர் கடந்துபோன, இன்னும் வராத வீதிகள் மூன்றாவது, 6,500. ஒவ்வொரு வகையிலும் எட்டுப் பத்துக் கட்டங்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். கண்ணுக்குப் பிடித்த கட்டத்தை எடுத்தால் கை தானாக நெரிசலான இடத்துக்கே போகும்.

அவற்றில் சராசரி 3.5, 1.8, 0.5 பேர் என்று வந்தால் மொத்தம் 5,250 + 7,200 + 3,250, அதாவது 15,700. கட்டத்துக்குக் கட்டம் உள்ள வேறுபாட்டால் வரும் பிழை இந்த அளவு மாதிரிக்கு 16 சதவீதம் வரை போகும். கட்டங்களைக் கூட்டினால் இது குறையும். பரப்பளவை அளந்ததில் 10 சதவீதம். மூன்றாவது பிழை மறைவு: முன்னால் நிற்பவரின் குடை, தோளில் உட்கார்ந்த பிள்ளை, கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நிற்பவர்கள். எத்தனை கட்டம் எண்ணினாலும் இது குறையாது, எப்போதும் ஒரே பக்கமாகவே, குறைவாகவே காட்டும். அனுமதி பெற்ற ட்ரோன் செங்குத்தாக எடுத்த படத்தோடு சில கட்டங்களை ஒப்பிட்டுத்தான் இதைத் திருத்த முடியும். 15 சதவீதம் கூட்ட வேண்டும், அதுவும் 5 முதல் 25 வரை இருக்கலாம் என்று அதில் தெரிந்ததாகக் கொள்வோம். மூன்று பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே அவற்றை நேரே கூட்டாமல் வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் கண்டால் 21 சதவீதம் வருகிறது. விடை: அந்த நிமிடத்தில் வீதிகளில் சுமார் 18,000 பேர், 14,000 முதல் 22,000 வரை இருக்கலாம்.

“லட்சக்கணக்கான பக்தர்கள்னு பேப்பர்ல போட்டிருக்கானே” என்பார்கள். சதுர மீட்டருக்கு 4 பேர் என்று நான்கு வீதியையும் அடைத்தாலும் 48,000தான் கொள்ளும். ஆனால் பத்திரிகை சொல்வது பொய் என்று இதனால் ஆகிவிடாது. அது நாள் முழுக்க வந்துபோனவர்களைச் சொல்கிறது, வீடியோ ஒரு நொடியைச் சொல்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது தெரிய வேண்டும். 9 மணி நேரத்துக்குச் சராசரி 15,000 பேர் இருந்து, ஒவ்வொருவரும் ஒன்றரை மணி நேரம் நின்றால் வந்துபோனவர்கள் 90,000. மூன்று மணி நேரம் நின்றால் 45,000. வீடியோவை எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் இந்த இரட்டிப்பு வித்தியாசம் தீராது. திரும்பிப் போகிறவர்களில் இருநூறு பேரை நிறுத்தி “எப்ப வந்தீங்க?” என்று கேட்பது எளிய வழி. 2024 தேரோட்டத்தில் வடம் அறுந்து அறுந்து தேர் நின்றதே, அதுபோன்ற நாளில் நிற்கும் நேரமே மாறிவிடும். முந்தின ஆண்டின் பதில் உதவாது.

பாதுகாப்புக்கு இந்த இரண்டு மொத்தங்களுமே வேண்டியதில்லை. கரூரில் 2025 செப்டம்பரில் கூட்ட நெரிசலில் 41 பேரின் உயிர் போனபின் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பற்றி நிறையப் பேச்சு நடந்தது. உடல் நசுங்குவது மொத்தத்தால் அல்ல, மிக நெரிசலான அந்த ஒரு கட்டத்தால். அங்கே சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினால் தன் விருப்பப்படி நகர்வது ஒருவருக்குக் கடினமாகத் தொடங்குகிறது. தேர் திரும்பும் முக்குகளில் வடம் ஒரு பக்கம் இழுக்க, பார்ப்பவர்கள் சுவரோடு ஒதுங்க, அந்தக் கட்டம் சில நிமிடங்களில் உருவாகிவிடும். சராசரி போட்டால் அது மறைந்துவிடும். எனவே அறிக்கையில் மூன்று வரிகள் தனித்தனியே வேண்டும்: எந்த நிமிடத்தில் எத்தனை பேர், எந்த எல்லைக்குள்; நாள் முழுக்க எத்தனை பேர், நிற்கும் நேரத்தை எப்படி அறிந்தோம்; எந்த முக்கில், எத்தனை மணிக்கு, சதுர மீட்டருக்கு அதிகபட்சம் எத்தனை பேர்.