படைப்புழுவுக்கு எதிராகக் குளவி, பாக்டீரியா, பூஞ்சை: எது இலக்குத் தவறாதது, எது விரைவானது?

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு, இந்தியாவில் முதன்முதலாக 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடக மாநிலம் சிவமொக்கா பகுதி மக்காச்சோள வயல்களில் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பே 2016-இல் ஆப்பிரிக்காவில் கால்பதித்திருந்த இப்புழு, சிவமொக்காவில் தென்பட்ட ஓரிரு ஆண்டுகளுக்குள் நாட்டின் மக்காச்சோளம் விளையும் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. இதனைக் கட்டுப்படுத்த மூவகை உயிரினங்கள் பயன்படுத்தப்படுகின்றன: முட்டையைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள், பிடி எனச் சுருக்கமாக வழங்கப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா, புழுவின் தோலைத் துளைத்து நுழையும் பூஞ்சைகள்.

இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்வி வேளாண் விரிவாக்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. மூன்றும் பூச்சியின் உடலுக்குள் நுழையும் வழி வேறு வேறு. அந்த வழியே ஒவ்வொன்றும் எந்தெந்த உயிரைத் தாக்கும், எத்தனை நாளில் பலன் தரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

முட்டையிலேயே முடிக்கும் குளவி

படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, மக்காச்சோள இலையில் நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை ஒரே குவியலாக இட்டு, தன் உடலின் மெல்லிய செதில்களால் அதனைப் போர்த்தி வைக்கிறது. வெப்பமான காலநிலையில் இரண்டு மூன்று நாள்களில் முட்டைகள் பொரிந்துவிடும். டிரைக்கோகிராமா பிரிட்டியோசம் என்னும் குளவிக்குக் கிடைக்கும் கால அவகாசம் அவ்வளவே. அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள இக்குளவி, பூச்சியின் முட்டையைத் துளைத்து அதற்குள் தன் முட்டையை இடுகிறது. உள்ளே வளரும் குளவிப் புழு முட்டையின் சத்தை உண்டுவிடுவதால், படைப்புழு பிறப்பதே இல்லை.

குளவி தாக்கிய முட்டை மூன்று நான்கு நாள்களில் கருமையாகிறது. அதிலிருந்து புதிய குளவி வெளிவர ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். நாள்கணக்கில் பார்த்தால் மந்தமான முறை என்று தோன்றலாம். ஆயினும் ஓர் இலைகூடக் கடிபடாமல் பூச்சி ஒழிவது இம்முறையில் மட்டும்தான். வேகம் என்பதை மரணம் நிகழும் நாளைக் கொண்டு அளப்பதா, சேதம் நிற்கும் நேரத்தைக் கொண்டு அளப்பதா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. விவசாயிக்கு இரண்டாவது அளவே பொருள் உள்ளது.

முட்டைக் குவியல் பல அடுக்காகவும் செதில்கள் அடர்ந்தும் இருந்தால், டிரைக்கோகிராமா மேலடுக்கோடு நின்றுவிடுவது இம்முறையின் பெரிய குறை. டெலினோமஸ் ரீமஸ் என்னும் மற்றொரு குளவி, அடுக்குகளின் ஊடே நுழைந்து அடியில் உள்ள முட்டைகளையும் தாக்க வல்லது. ஆனால் அதனைப் பெருக்குவது கடினம். டிரைக்கோகிராமாவை ஆய்வுக்கூடத்தில் நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளில் எளிதாகவும் மலிவாகவும் வளர்க்கலாம். டெலினோமஸுக்கோ பெரும்பாலும் புரோடீனியா போன்ற புழுக்களை வளர்த்து, அவற்றின் முட்டைகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. களத்தில் சிறந்த குளவி கிடைப்பதற்கு அரிதாக இருப்பதன் காரணம் இதுவே.

இலக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் குளவிகள் எல்லாம் ஒன்றல்ல. டிரைக்கோகிராமா பல்வேறு அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களின் முட்டைகளை ஏற்கும். மறுமுனையில், பப்பாளி மாவுப்பூச்சியை அடக்குவதற்காக 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி, ஏறத்தாழ அந்த ஒரு பூச்சியையே நம்பி வாழ்வது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனத்தில் பெருக்கப்பட்டு வயல்களில் விடப்பட்ட பின், அது தானாகவே பரவி நிலைபெற்றது. படைப்புழு வயலில் விடப்படும் முட்டைக் குளவிகளிடம் அத்தகைய நிலைபேற்றை எதிர்பார்க்க இயலாது. அவற்றை மீண்டும் மீண்டும் விட்டாக வேண்டும்.

குடலைத் தாக்கும் பாக்டீரியா

பிடி பாக்டீரியா வித்தாக மாறும்போது புரதப் படிகம் ஒன்றையும் உருவாக்குகிறது. அந்தப் படிகமே நஞ்சு. புழு அதனை இலையோடு சேர்த்து விழுங்க வேண்டும். மேலே தெளித்தால் மட்டும் பலனில்லை. புழுக்களின் நடுக்குடல் மிகுந்த காரத்தன்மை கொண்டது. படிகம் அங்கே கரைகிறது. குடலின் நொதிகள் அதனை வெட்டிச் செயல்படு நிலைக்குக் கொண்டுவருகின்றன. பின்னர் குடற்சுவரில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் அது ஒட்டிக்கொண்டு துளையிடுகிறது. காரக்குடல், உரிய நொதி, பொருத்தமான ஏற்பி என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் நஞ்சு வேலை செய்வதில்லை. மனிதனின் இரைப்பையில் இருப்பது அமிலம். அந்த ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. தேனீக்களும் முட்டைக் குளவிகளும் வயலில் தெளிக்கப்படும் குர்ஸ்டாகி வகையால் பாதிக்கப்படுவதில்லை.

துளை விழுந்த சில மணி நேரத்திலேயே புழு தின்பதை நிறுத்திவிடுகிறது. ஆனால் இறப்பதற்கு இரண்டு முதல் ஐந்து நாள்கள் வரை ஆகும். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. மறுநாள் வயலுக்குச் செல்பவர் உயிரோடு நெளியும் புழுவைக் கண்டு, மருந்து பலிக்கவில்லை எனக் கருதி இரசாயனத்தைத் தெளித்துவிடுகிறார். பார்க்க வேண்டியது புழுவை அல்ல, அதன் எச்சத்தை. குருத்தில் ஈரமான புதிய எச்சம் சேரவில்லை என்றால் பிடி வேலை செய்கிறது என்று பொருள். இறந்த புழு கறுத்துத் துவண்டு, தொட்டால் உடைந்து நாறும்.

குர்ஸ்டாகி வகைக்குப் படைப்புழு எளிதில் மடிவதும் இல்லை. இளம்புழுப் பருவத்தில் கணிசமாக இறக்கும்; நான்காம் பருவத்தைத் தாண்டிய பெரிய புழு பெரும்பாலும் தப்பிவிடும். சூரிய ஒளி சில நாள்களுக்குள்ளேயே படிகத்தின் ஆற்றலில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. மழையும் அதனைக் கழுவிவிடும்.

தோலைத் துளைக்கும் பூஞ்சை

பூஞ்சையை உண்ண வேண்டிய அவசியம் இல்லை. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டினால் போதும். முளைத்து, தோலைத் துளைத்து, உடல் நீரில் பெருகிப் புழுவைக் கொல்கிறது. இதற்கு ஐந்து முதல் எட்டு நாள்கள் வரை ஆகும். அதுவரை புழு ஓரளவு தின்றுகொண்டே இருக்கும். மூன்றிலும் சேதத்தை நிறுத்துவதில் மிகவும் தாமதமானது பூஞ்சையே.

இருப்பினும் மற்ற இரண்டுக்கும் இல்லாத ஓர் ஆற்றல் அதற்கு உண்டு. இறந்த ஒரு புழுவின் மேல் உருவாகும் எண்ணற்ற வித்துகள் காற்றிலும் மழைச்சாரலிலும் அடுத்த புழுக்களைச் சென்றடைகின்றன. படைப்புழு நுழைந்த 2018-ஆம் ஆண்டிலேயே வட கர்நாடக வயல்களில், எவரும் தெளிக்காமலே, மெட்டாரைசியம் ரைலி என்னும் பூஞ்சை தாக்கி இறந்த புழுக்கள் காணப்பட்டன. நொமூரியா ரைலி என்ற பழைய பெயரிலேயே இது இன்றும் பல பரிந்துரைகளில் குறிப்பிடப்படுகிறது. இது பெரும்பாலும் அந்துப்பூச்சிப் புழுக்களையே தாக்கும். மெட்டாரைசியம் அனிசோபிலியே, பியூவேரியா பேசியானா ஆகியவையோ வண்டு, அசுவினி, கரையான் எனப் பல குடும்பப் பூச்சிகளையும் தாக்க வல்லவை. இலக்கின் குறுக்கத்தில் பூஞ்சைகள் பொதுவாகப் பின்தங்கியவை.

ஈரப்பதம் இல்லையேல் பூஞ்சை இல்லை. வறண்ட காற்றிலும் கடும் வெயிலிலும் வித்து முளைப்பதில்லை. புழு தோலுரிக்கும்போது, முளைத்து உள்ளே செல்லாத வித்துகளும் உரிந்த தோலோடு போய்விடும்.

ஓர் ஏக்கரில் நடைமுறை

தாவணகெரே போன்ற மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையை நம்பி விதைக்கப்பட்ட ஓர் ஏக்கர் மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். விதைத்தவுடன் நான்கு இனக்கவர்ச்சிப் பொறிகள் வைக்கப்படுகின்றன. ஒரு பொறிக்கு மூன்று ஆண் அந்துப்பூச்சிகள் விழுந்த நிலையில் குளவியை விட வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட அளவு ஏக்கருக்கு வாரம் ஒருமுறை 50,000 குளவிகள். ஒரு முட்டை அட்டையில் சுமார் 20,000 இருக்கும் எனக் கொண்டால் இரண்டரை அட்டைகள் தேவை. அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, மாலையில் இலையின் அடிப்பக்கம் இணைக்க வேண்டும். வாங்கும்போதே அட்டையில் உள்ள முட்டைகளில் ஓட்டை தெரிந்தால், குளவிகள் வழியிலேயே வெளியேறிவிட்டன. வயலில் கருத்த முட்டையைக் கண்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது. பொரியப்போகும் நல்ல முட்டையும் உள்ளிருக்கும் புழுவின் தலையால் கருமையாகத் தெரியும். நான்கு நாள்கள் கழித்தும் பொரியாமல் கருப்பாகவே இருப்பதுதான் குளவி தாக்கியது.

இதையும் மீறிப் பொரிந்த புழுக்கள், இலையின் பச்சையைச் சுரண்டிக் காகிதம் போன்ற வெண்புள்ளிகளை உண்டாக்கும். பிடிக்கு உரிய நேரம் அதுவே. லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, மாலையில், குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்க வேண்டும். இலைகளில் பெரிய ஓட்டைகளும் குருத்தில் மரத்தூள் போன்ற எச்சமும் தென்பட்டால் காலம் கடந்துவிட்டது. எச்சமே அடைப்பாகி, உள்ளிருக்கும் புழுவைத் தெளிப்பு எட்டாதபடி காக்கிறது.

விதைத்த 15 முதல் 25 நாள்களுக்குள் தொடர் தூறலும் மேகமூட்டமும் அமைந்தால், நொமூரியாவை லிட்டருக்கு 3 கிராம் என்ற அளவில் தெளித்து, பத்து நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம். அந்நாள்களில் அதே வயலில் பூஞ்சணக்கொல்லி பயன்படுத்தினால் செலவழித்த பூஞ்சையும் சேர்ந்தே அழியும். இரசாயனப் பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் குளவி அட்டை கட்டுவதும் இதைப் போன்றதே.

எந்த வயலில் எதனைத் தவிர்ப்பது என்பதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு பட்டுப்புழு. அதுவும் அந்துப்பூச்சிப் புழுவே. பிடி பாக்டீரியா 1901-இல் ஜப்பானில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நோயுற்ற பட்டுப்புழுக்களிலிருந்துதான். இத்தாலியின் அகோஸ்டினோ பாஸி 1835-இல் பட்டுப்புழுவின் மஸ்கார்டைன் நோய்க்குக் காரணம் எனக் காட்டிய பூஞ்சையே இன்று பியூவேரியா என விற்கப்படுகிறது. ரைலியும் பட்டுப்புழுவைத் தாக்கும். எனவே, மக்காச்சோளமும் மல்பெரியும் அடுத்தடுத்து விளையும் கோலார், சிக்கபள்ளாபூர் போன்ற பகுதிகளில் காற்று வீசும் திசையைப் பாராமல் இவற்றைத் தெளிப்பது அண்டை வீட்டாரின் பட்டுப்புழுக்களைக் கொல்லக்கூடும். அங்கே அச்சமின்றிக் கையாளத்தக்கது முட்டைக் குளவி ஒன்றே.

பூஞ்சையால் இறந்த புழு, பிடியால் இறந்ததைப் போலத் துவளாது. விறைத்து, இலையில் ஒட்டியபடி, முதலில் வெண்மையாகவும் பின்னர் வெளிர் பச்சைப் பொடி படிந்தும் காணப்படும். மல்பெரித் தோட்டம் அருகில் இல்லாத வயலில் அவற்றைப் பிடுங்கி எறியாமல், இருக்கும் இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அடுத்த மழைச்சாரலில் வித்து பரவுவது அங்கிருந்துதான்.