மரபுவழி மீன்பிடி உரிமை

மரபு என்றால் வழிவழியாக வந்த வழக்கம். கடல் சட்டத்தில் மரபுவழி மீன்பிடி உரிமை என்ற தொடர், எல்லைக்கோடு பிறப்பதற்கு முன்பே அங்கே வலை வீசியவர்களின் உரிமையைக் குறிக்கும்.

செங்கடலின் ஹனிஷ் தீவுகளுக்காக எரித்ரியாவும் யேமனும் மோதின. நடுவர் மன்றம் 1998-இல் அத்தீவுகளை யேமனுக்குக் கொடுத்தது. ஆனால் இரு கரை மீனவர்களும் அங்கே மீன்பிடிக்கும் வழக்கம் தொடர வேண்டும் என்றது. கடலைப் பொதுவாகக் கருதும் அப்பகுதியின் இஸ்லாமியச் சட்ட மரபையும் அது கணக்கில் கொண்டது. 1999-இல் எல்லைக்கோட்டை வரைந்தபோது, இந்த உரிமை கோட்டைச் சார்ந்ததல்ல என்று தெளிவாக்கியது. தீவில் தற்காலிகமாகத் தங்குவதும், எதிர்க்கரைத் துறைமுகத்தில் மீனை விற்பதும் இதில் அடங்கும். விற்க முடியாத மீனைப் பிடிக்கும் உரிமையால் யாருக்கு என்ன பயன்?

மரபு என்றால் பாய்மரம் மட்டுமா? இல்லை. சிறு படகில் மேம்பட்ட இயந்திரம் பொருத்தலாம், புதிய கருவிகளைக் கொண்டு வழி அறியலாம். பெருமளவு வணிக மீன்பிடிப்புக்கும் மூன்றாம் நாட்டவருக்கும் இடமில்லை. இந்த வரம்பு மிகச் சரியானது என்பேன்.

பாக் நீரிணைக்கு இத்தீர்ப்பு அப்படியே பொருந்தாது. அங்கே 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் இரு நாட்டுக் கலங்களின் மரபான உரிமைகளைப் பேசுகிறது. 1976-இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, அனுமதியின்றி ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதைத் தடுக்கின்றன.