வளிமங்கள் கலத்தலின் என்ட்ரோபி

கலத்தலின் என்ட்ரோபி என்பது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் தனித்தனியே உள்ள இரு வேறு வளிமங்கள் ஒன்றோடொன்று கலக்கும்போது தொகுதியின் என்ட்ரோபியில் ஏற்படும் உயர்வு ஆகும். நல்லியல்பு வளிமங்களின் மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்போ விலக்கமோ இல்லை. ஆகவே அவை கலக்கும்போது வெப்பம் வெளிப்படுவதும் இல்லை, உறிஞ்சப்படுவதும் இல்லை. ஆயினும் கலத்தல் தானாகவே நிகழ்கிறது. இதற்கு என்ட்ரோபி உயர்வு ஒன்றே காரணம்.

என்ட்ரோபி உயர்வதேன்?

ஒரு பெட்டியைத் தடுப்பு ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது எனக் கொள்வோம். ஒரு பக்கத்தில் 0.21 மோல் ஆக்சிசனும் மறு பக்கத்தில் 0.79 மோல் நைட்ரசனும் 300 கெல்வின் வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் உள்ளன. தடுப்பை நீக்கினால் ஒவ்வொரு வளிமமும், மற்றது அங்கு இல்லாததைப் போலவே, பெட்டி முழுவதும் விரிவடைகிறது. எனவே கலத்தலின் என்ட்ரோபி என்பது உண்மையில் இவ்விரு விரிவுகளின் என்ட்ரோபிக் கூட்டலே.

ΔS = −R (n₁ ln x₁ + n₂ ln x₂)

இங்கு R வளிம மாறிலி (8.314 ஜூல்/மோல்·கெல்வின்), n மோல்களின் எண்ணிக்கை, x மோல் பின்னம். x எப்போதும் ஒன்றைவிடக் குறைவு என்பதால் அதன் மடக்கை எதிர்க்குறியுடையது. ஆகவே ΔS எப்போதும் நேர்க்குறி பெறும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஆக்சிசனின் பங்கு 2.72 ஜூல்/கெல்வின், நைட்ரசனின் பங்கு 1.55 ஜூல்/கெல்வின், மொத்தம் 4.27 ஜூல்/கெல்வின். அளவில் குறைந்த ஆக்சிசனின் பங்கு அதிகமாக இருப்பதைக் காண்க. அது தன் பருமனைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இடத்திற்கு விரிந்ததே இதற்குக் காரணம்.

கலத்தல் தன்னிச்சையாக நிகழ்வது

வெப்பப் பரிமாற்றம் இல்லாததால் சூழலின் என்ட்ரோபி மாறுவதில்லை. எனவே தொகுதியின் உயர்வே அண்டத்தின் மொத்த உயர்வும் ஆகும். இரண்டாம் விதிப்படி இத்தகைய மாற்றம் தன்னிச்சையானது. மாறா வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் இதனைக் கிப்சு ஆற்றலாலும் கூறலாம்: ΔG = ΔH − TΔS. இங்கு ΔH சுழி. ஆகவே ΔG = −300 × 4.27 = −1.28 கிலோஜூல்.

மூலக்கூறு நோக்கில், இது நிகழ்தகவைப் பற்றியது. சம பங்குகளாகப் பிரிந்த பெட்டியில் இரு வளிமங்களிலும் ஐந்தைந்து மூலக்கூறுகளே இருந்தால், அவை அனைத்தும் ஒரு கணத்தில் தத்தம் பழைய பக்கத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 1024-இல் ஒன்று. பத்துப் பத்தாக இருந்தால் அது ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று. ஒரு மோலில் ஏறத்தாழ 6 × 10²³ மூலக்கூறுகள் உள்ளதால், கலந்த வளிமங்கள் தாமாகப் பிரிவதை எவரும் காண இயலாது.

பிரித்தலுக்கான விலை: ஆக்சிசன் உற்பத்தி

கலத்தல் இலவசமாக நிகழ்ந்தாலும், பிரித்தலுக்கு வேலை செலவிட வேண்டும். மேலே எடுத்துக்கொண்ட வளிமங்களின் விகிதம், ஆர்கான் முதலியவற்றைத் தவிர்த்தால், காற்றின் விகிதமே. ஒரு மோல் காற்றை 300 கெல்வினில் முழுமையாகப் பிரிக்கக் குறைந்தது 1.28 கிலோஜூல் தேவை. இதை ஆக்சிசனின் பேரில் மட்டும் கணக்கிட்டால் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 190 கிலோஜூல், அதாவது 0.053 யூனிட் மின்சாரம். எந்த இயந்திரமும் இந்த வரம்புக்குக் கீழே செல்ல முடியாது.

காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூரில் உள்ள காற்றுப் பிரிப்பு ஆலை, 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது மருத்துவமனைகளுக்கு ஆக்சிசன் வழங்கியது. இத்தகைய ஆலைகளில் காற்று அழுத்தப்பட்டு, திரவமாகும் வரை குளிர்விக்கப்படுகிறது. பின்னர் நைட்ரசன் −196 °C-இலும் ஆக்சிசன் −183 °C-இலும் கொதிப்பதைப் பயன்படுத்தி வடித்தெடுக்கப்படுகின்றன. பெரிய ஆலைகளில் ஒரு கிலோகிராம் வளிம ஆக்சிசனுக்கு ஏறத்தாழ 0.2 யூனிட் செலவாகிறது. திரவமாக எடுத்தால் இன்னும் கூடும். கணக்கிட்ட குறைந்த அளவைப் போல் இது ஏறத்தாழ நான்கு மடங்கு. அழுத்திகளின் இழப்பும் வெப்பப் பரிமாற்றத்தின் மீளாத்தன்மையும் இந்த மிகைக்குக் காரணங்கள்.

கிப்சு முரண்

தடுப்பின் இரு பக்கமும் ஒரே வளிமம் இருந்தால், தடுப்பை நீக்குவதால் என்ட்ரோபி மாறாது. ஆனால் மேற்கண்ட சமன்பாட்டை அப்படியே பயன்படுத்தினால் நேர்க்குறி மதிப்பே கிடைக்கும். இதனை அமெரிக்க இயற்பியலாளர் கிப்சு 1875–1878 காலத்தில் வெளியிட்ட ஆய்வில் ஆராய்ந்தார். ஒரே வகை மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்த முடியாது என்பதே விடை. அவை இடம் மாறுவதால் புதிய நிலை எதுவும் உருவாவதில்லை. சமன்பாடு இரு வேறு வளிமங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

வரம்புகள்

உயர் அழுத்தத்தில் மூலக்கூறுகளின் இடைவினை காரணமாக ΔH சுழியாக இருப்பதில்லை; சமன்பாட்டிற்குத் திருத்தம் தேவை. மேலும், கலத்தல் நிகழுமா என்பதை மட்டுமே என்ட்ரோபி சொல்லும். எவ்வளவு நேரத்தில் நிகழும் என்பதை விரவல் வேகமே முடிவுசெய்கிறது.