அபிப்பிராயக் கட்டுரையின் குறிப்புச் சட்டகம்: ‘வகுப்பறையில் தொழில்நுட்பம்’ என்னும் பொருளை முன்வைத்து

குறிப்புச் சட்டகம் என்பது, ஒரு கட்டுரையை விரித்து எழுதப் புகுமுன், அதில் வரவேண்டிய கருத்துக்களை அவை வரவேண்டிய முறையிலேயே சில வரிகளில் நிறுத்திக்கொள்ளும் வரைவு ஆகும். நம் பள்ளிகளில் தமிழ்ப் பாடம் பயின்ற எவரும் இச்சொல்லை அறிவர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற பகுப்பையும், வினாத்தாளே தந்துவிடும் உட்தலைப்புக்களையும் அறிவர். ஒரு விழாவையோ, ஒரு தலைவரின் வாழ்க்கையையோ வருணிக்கும் கட்டுரைக்கு அந்தச் சட்டகம் போதுமானதே. ஆனால் ஒரு விஷயத்தில் தமக்குள்ள அபிப்பிராயத்தைக் கூறி, அதற்கு இரண்டு காரணங்களை நாட்டி, மறுப்பவரையும் இணங்கச் செய்ய முயலும் கட்டுரைக்கு உட்தலைப்புக்களின் வரிசை போதாது. அதற்கு வேண்டுவது கூற்றுக்களின் வரிசை.

இவ்வேறுபாட்டை ஒரு மாதிரியால் விளக்கலாம். ‘வகுப்பறையில் தொழில்நுட்பம்’ என்று தலைப்புக் கொடுத்தால், மாணாக்கர் பெரும்பாலும் வரையும் சட்டகம், ‘முன்னுரை, கணினியின் வளர்ச்சி, தொழில்நுட்பத்தின் நன்மைகள், தொழில்நுட்பத்தின் தீமைகள், முடிவுரை’ என்று அமையும். இதில் எந்த வரியிலும் வினைமுற்று இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நன்மைகள்’ என்பது ஒரு பெயர்ச்சொல். அதை யாரும் மறுக்க இயலாது, ஆதலால் யாருக்கும் நிரூபிக்க வேண்டுவதும் இல்லை. சட்டகத்தின் ஒவ்வொரு வரியும் வினைமுற்றில் முடிகிறதா என்று பார்ப்பதே, அது அபிப்பிராயக் கட்டுரைக்கு உரிய சட்டகமா, வெறும் பொருளடக்கமா என்று அறியும் எளிய சோதனை. மேலும், நன்மையையும் தீமையையும் சம எடையில் நிறுத்தும் சட்டகம் எழுதுபவரை எந்தப் பக்கமும் சேரவிடாமல், ‘அளவோடு பயன்படுத்தினால் நன்று’ என்ற, எப்பொருளுக்கும் பொருந்தும் முடிவுரையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

சட்டகத்தில் முதலில் எழுதப்பட வேண்டியது முன்னுரை அன்று, துணிபு. துணிபாவது, கட்டுரை முழுவதும் நிலைநாட்டப் புகும் ஒரே வாக்கியம். தலைப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் துணிபு குறுகியதாக இருக்க வேண்டும். தொழில்நுட்பம் என்ற சொல்லுக்குள் ஒளிப்படக் கருவி, தொடுதிரைப் பலகை, கைபேசி, மடிக்கணினி, கல்வித் தொலைக்காட்சி ஆகிய யாவும் அடங்கும். இவை அனைத்தையும் ஒருங்கே ஆதரிப்பவரும் இல்லை, ஒருங்கே வெறுப்பவரும் இல்லை. ஆகவே எந்தக் கருவி, எந்தப் பாடத்தில், யாருடைய மேற்பார்வையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின், உதாரணமாக இப்படி ஒரு துணிபைக் கொள்ளலாம்: ‘உயர்நிலைப் பள்ளியின் கணக்குப் பாடத்தில், மாணவன் உண்மையில் நிற்கும் நிலையை அளந்து, அங்கிருந்தே பயிற்சி தரும் மென்பொருளை ஆசிரியரின் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டும், கருவியை மட்டும் வழங்குவதற்குப் பணம் செலவிடக் கூடாது.’ இவ்வாக்கியம் இரண்டு பகுதிகளால் ஆனது. முற்பகுதியை முதல் வாதமும் பிற்பகுதியை இரண்டாம் வாதமும் தாங்கப் போகின்றன. இத்துணிபின்பின் ‘ஏனெனில்’ என்ற சொல்லை இட்டு, அதன்பின் ஒவ்வொரு வாதத்தின் தலைவரியையும் படித்துப் பார்த்தால் பொருள் தடையின்றி ஓட வேண்டும். ஓடாத வாதம் எவ்வளவு சுவையானதாயினும் இக்கட்டுரைக்கு உரியதன்று.

இனி முதல் வாதம். ஒரு வாதத்தைச் சட்டகத்தில் நிறுத்த நான்கு வரிகள் வேண்டும்: கூற்று, அதற்குரிய ஏது, சான்று, அச்சான்றின் எல்லை. இந்நான்கில் மாணாக்கர் தவறாமல் எழுதுவது கூற்று. தவறாமல் விட்டுவிடுவது எல்லை. நம் முதல் வாதத்தின் கூற்று, ‘நிலையறிந்து பயிற்றும் மென்பொருள் பின்தங்கிய மாணவனையும் முன்னேறச் செய்கிறது’ என்பது. அதற்கு ஏது, ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒரே நிலையில் இல்லை என்பதும், ஓர் ஆசிரியர் நாற்பது நிலைகளிலிருந்து ஏககாலத்தில் பாடம் தொடங்க முடியாது என்பதும் ஆகும். கரும்பலகையில் பல்லுறுப்புக் கோவையின் காரணிகள் எழுதப்படும்போது, மூன்றாம் பெஞ்சில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான். மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியே கூட்டிவிட்டான் என்பது விடையைப் பார்த்தவுடனே தெரிகிறது. அவனுக்கு வேண்டியது பல்லுறுப்புக் கோவை அன்று, ஐந்தாம் வகுப்புப் பின்னம்.

சான்றாக, டெல்லியில் 2015-ஆம் ஆண்டு நடந்த ஓர் ஆய்வைக் குறித்துக்கொள்ளலாம். முரளிதரன், சிங், கனிமியன் ஆகிய மூவர் செய்த இவ்வாய்வு 2019-இல் வெளிவந்தது. ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் மென்பொருளைப் பயன்படுத்தும் மாலைநேர மையங்களில் சேர விரும்பிய 619 மாணவர்களுள், இலவச இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இடம் பெற்றவர்கள் நாலரை மாதத்தில், பெறாதவர்களைவிடக் கணக்கிலும் ஹிந்தியிலும் தெளிவாக முன்னேறியிருந்தனர். குலுக்கல் என்ற விவரத்தைச் சட்டகத்தில் அவசியம் குறிக்க வேண்டும். ஊக்கமுள்ள பிள்ளைகள்தாம் மையத்துக்கு வந்திருப்பார்கள், அவர்கள் எப்படியும் முன்னேறியிருப்பார்கள் என்ற ஆட்சேபத்துக்கு அந்த ஒரு சொல்லே சமாதானம் ஆகிவிடுகிறது.

ஆனால் எல்லையையும் அதே நேர்மையுடன் எழுத வேண்டும். அம்மையத்தில் ஒரு நாளைய பாடநேரம் தொண்ணூறு நிமிஷம். அதில் பாதிதான் கணினி முன் கழிந்தது, மறுபாதியில் ஓர் உதவியாசிரியர் சிறு குழுவுக்குப் பாடம் சொன்னார். ஆதலால் முன்னேற்றம் முழுவதும் யந்திரத்தால் வந்தது என்று கூற இச்சான்று இடம் தராது. அன்றியும், அது பள்ளி முடிந்தபின் நடந்த மையமே ஒழியப் பள்ளியின் வகுப்பறை அன்று. இவ்வெல்லைகளை எழுதினால் வாதம் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். உண்மையில், ஆசிரியரும் உடனிருந்தார் என்ற எல்லையே துணிபில் ‘ஆசிரியரின் மேற்பார்வையில்’ என்ற அடைமொழியை நமக்குத் தந்தது. சட்டகம் வரையும்போதே சான்றின் எல்லையை ஆராய்ந்தவர் துணிபைத் திருத்திக்கொள்கிறார். கட்டுரை எழுதி முடித்தபின் ஆராய்பவருக்கு அதற்கு அவகாசம் இல்லை.

இரண்டாம் வாதத்தின் கூற்று, ‘கருவியைக் கையில் கொடுப்பதனால் மட்டும் கல்வி உயர்வதில்லை’ என்பது. இதற்குச் சான்று பெரு நாட்டிலிருந்து வருகிறது. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டத்தின்கீழ் அந்நாட்டின் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்குக் கணினிகள் வழங்கப்பட்டன. 319 பள்ளிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட அறிக்கையின்படி, மாணவருக்கு ஒன்றுக்கு மேல் என்ற அளவுக்குக் கணினிகள் வந்து சேர்ந்து ஓராண்டுக்கும் மேலாகியும், கணக்கிலோ மொழியிலோ தேர்வு மதிப்பெண் உயர்ந்ததற்கு அடையாளம் காணப்படவில்லை. ஏது என்னவெனில், கணினியில் இருந்த நிரல்கள் பாடத்திட்டத்தோடு இணைக்கப்படவில்லை. அதை வகுப்பில் எவ்வாறு பிரயோகிப்பது என்பதற்கு ஆசிரியர்களுக்குத் தெளிவான வழிகாட்டுதலும் இல்லை. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு நற்பலன் தென்பட்டது என்று அவ்வறிக்கையே கூறுவதை, எல்லை என்ற நான்காம் வரியில் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

இவ்விரண்டு வாதங்களும் உண்மையில் இரண்டுதாமா என்று சோதிப்பது அவசியம். ‘தொழில்நுட்பம் கற்றலை எளிதாக்குகிறது’ என்பதும் ‘தொழில்நுட்பம் கற்றலை இனிதாக்குகிறது’ என்பதும் ஒரே வாதம் இரண்டு உடை அணிந்து வந்ததே ஆகும். நன்னூலார் குற்றங்களுள் எண்ணிய ‘கூறியது கூறல்’ இதுவே. ஒரு வாதத்தை முற்றிலும் நீக்கிய பின்னும் மற்றது தன் காலில் நிற்க வேண்டும். டெல்லிச் சான்று நாளையே பொய்யென்று நிறுவப்பட்டாலும் பெருச் சான்று நிற்கும்; பெருச் சான்று வீழ்ந்தாலும் டெல்லிச் சான்று நிற்கும். ஆகவே இவை இரண்டே.

ஆட்சேபத்துக்கு எங்கே இடம் தருவது என்ற கேள்வி எழும். தனிப்பத்தி கொடுத்தால் கட்டுரை மூன்று வாதங்களாகிவிடும். பவணந்தியார் நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களைக் கூறுமிடத்து, பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைவதையும் ஒன்றாகக் கூறினார். அம்முறையில் இரண்டாம் வாதத்தின் தொடக்கத்திலேயே மறுதரப்பை ஒரு வரியில் நிறுத்திவிடலாம். ‘ஏழைப் பிள்ளையின் கையில் கணினி இருப்பதே ஒரு சமத்துவம் அன்றோ’ என்று கேட்பவரின் நியாயம் பெரிது. 2011-இல் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அதற்கு ஆதரவாகக் கூறப்பட்ட நியாயமும் இதுவே. அக்கணினியால் விண்ணப்பமும் வேலையும் கைகூடிய குடும்பங்கள் இதை மறுக்கமாட்டா. அந்நியாயத்தை ஒப்புக்கொண்டு, ‘உடைமையில் சமத்துவம் வந்தது, கணக்கு அறிவில் வந்ததா என்பதே நம் வினா’ என்று திருப்பி, பெருச் சான்றுக்குள் நுழைய வேண்டும். மறுதரப்பை அதன் வலுக்குறைந்த வடிவில் எடுத்து வைத்து வீழ்த்துவது வாதம் ஆகாது.

முடிவுரைக்குச் சட்டகத்தில் இரண்டு வரி போதும். துணிபை அப்படியே மீட்டும் எழுதுவது வீண். இரண்டு வாதங்களும் சேர்ந்து எதைச் செய்யச் சொல்கின்றன என்பதே அங்கு வரவேண்டும். நம் உதாரணத்தில் அது, ‘பள்ளி ஒன்று கருவிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அக்கருவி முன் நிற்கப்போகும் ஆசிரியரின் பயிற்சிக்கு முதலில் ஒதுக்க வேண்டும்’ என்பதாகும். இதுவரை சொல்லாத புதுச்சான்று எதுவும் இங்கே தலைகாட்டக் கூடாது.

முன்னுரைக்குரிய வரிகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதுவது நலம். வாதங்கள் எவை என்று தெரிந்தபின்தான் வாசகரை எந்த வாயில் வழியாக அழைத்து வருவது என்று தெரியும். ‘இன்றைய விஞ்ஞான யுகத்தில்’ என்று தொடங்கும் முன்னுரை, கைபேசிக்கும் ராக்கெட்டுக்கும் சமமாகப் பொருந்துமாதலால், எதற்கும் பொருந்தாததே. பின்னத்தைத் தவறாகக் கூட்டிய அந்த மூன்றாம் பெஞ்சு மாணவனை முதல் வாதத்திலிருந்து எடுத்து முன்னுரையில் அமர்த்துக. அவன் நிலைக்கு யார் இறங்கி வருவது என்ற பிரச்சினையை அடுத்த வரியில் எழுப்புக. மூன்றாம் வரியில் துணிபைக் கூறுக. நானூறு சொற்களில் எழுதவேண்டிய கட்டுரையாயின், முன்னுரைக்கு எழுபதும், வாதம் ஒவ்வொன்றுக்கும் நூற்றுமுப்பதும், முடிவுரைக்கு மீதி எழுபதும் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளவும். சட்டகம் இப்போது பதினான்கு வரி: முன்னுரைக்கு மூன்று, முதல் வாதத்துக்கு நான்கு, மறுதரப்பின் ஒரு வரியும் சேர்த்து இரண்டாம் வாதத்துக்கு ஐந்து, முடிவுரைக்கு இரண்டு. அதற்கு மேல் நீண்டால், தலைப்பு இன்னும் போதிய அளவு குறுகவில்லை என்று கொள்க.