தங்க விலை நாள்தோறும் மாறுவது ஏன்?

வினா: எங்கள் சக்குபள்ளத்தில் ஏலக்காய் விலை மழையையும் வரத்தையும் பார்த்து ஏறி இறங்குகிறது என்று அப்பா சொல்கிறார். மழையும் பூச்சியும் தொடாத தங்கத்துக்கு ஏன் தினமும் ஒரு விலை?

விடை: புத்தடி ஏல மையத்துக்கு மூட்டைகள் குவிந்தால் காயின் விலை சரிவதும், வரத்து குறைந்தால் உயர்வதும் நீ கண்கூடாக அறிந்தவையே, ஏனெனில் காய் விளைந்து, உலர்ந்து, விலைபோய், பாலிலும் பாயசத்திலும் கரைந்து தீர்ந்துபோகும் சரக்கு. தங்கமோ தீர்வதில்லை. பூமியிலிருந்து இதுவரை வெட்டியெடுக்கப்பட்ட இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தில் பெரும்பகுதி இன்றும் எவர் கழுத்திலோ, எந்த வங்கியின் பெட்டகத்திலோ இருக்கிறது. சுரங்கங்கள் ஆண்டுதோறும் புதிதாகத் தருவதோ அதில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்குதான். ஆகவே தங்கத்தின் விலையை நிர்ணயிப்பது விளைச்சலைவிட, வைத்திருப்போர் இன்று விற்க நினைக்கிறார்களா, வாங்க நினைக்கிறார்களா என்னும் மனோபாவமே. யுத்தச் செய்தி ஒன்றோ, அமெரிக்க வட்டி விகிதத்தில் ஒரு மாற்றமோ அதைக் கணப்பொழுதில் புரட்டிவிடும்.

லண்டன் சந்தையில் அந்நகர நேரப்படி காலை 10.30க்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஏலமுறையில் அவுன்ஸ் விலை நிர்ணயமாகிறது. அவ்வேளைகளுக்கு அப்பாலும் வர்த்தகம் ஓய்வதில்லை. அங்கே கணக்கு டாலரில். இங்கே நாம் வாங்குவது ரூபாயில். உதாரணமாக, ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 2,400 டாலர் என்றும், ஒரு டாலர் 84 ரூபாய் என்றும் கொள்வோம். கிராமுக்குச் சுமார் 6,480 ரூபாய் ஆகும். 6 சதவீத இறக்குமதி வரியைக் கூட்டி, நகைக்குரிய 22 காரட்டுக்காக 24இல் 22 பங்கு எடுத்து, எட்டால் பெருக்கினால் ஒரு பவுன் ஏறக்குறைய 50,400 ரூபாய். மறுநாள் லண்டனில் விலை அசையாமலே இருந்து, டாலர் மட்டும் 85 ரூபாய் ஆனால், பவுன் 600 ரூபாய் ஏறிவிடும். கடைக்காரர் பலகையில் எழுதும் விலை அவர் மனம்போன போக்கில் எழுதப்படுவதன்று என்பது இதனால் விளங்கும்.

அரசின் கையெழுத்தும் விலையை அசைக்கும். 2024 ஜூலை 23 அன்று மத்திய நிதிநிலை அறிக்கை இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தபோது, கேரளத்தில் பவுனுக்கு ஒரே நாளில் சுமார் 2,000 ரூபாய் இறங்கிற்று. வரிக் குறைப்பின் முழு அளவும் அன்றே இறங்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும், பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு கடைகளில் இருந்ததல்லவா!

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பலகை விலையில் செய்கூலியும் சேதாரமும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடங்கா, அம்மாவின் ரசீது பலகைக் கணக்கைவிட எப்போதும் நீண்டிருப்பது அதனால்தான்.