கடைசி 5 மில்லிகிராம்

மனச்சோர்வு மாத்திரையை திடீர்னு நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும் என்பது புதுச் செய்தி இல்லை. இமிப்ரமின் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1961-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள். குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு என்று பிற்பாடு பட்டியல் நீண்டது.

ஆனால் அதற்கு வைத்த பெயரைப் பாருங்க. 1996 டிசம்பரில் எலி லில்லி நிறுவனத்தின் ஆதரவில் ஃபீனிக்ஸ் நகரில் நிபுணர்கள் கூடினார்கள். அங்கிருந்து பரவிய சொல் 'நிறுத்தல் நோய்க்குறி'. 'விலகல்' என்றால் போதைப்பொருள் ஞாபகம் வந்துவிடும் இல்லையா? லில்லியின் ஃப்ளுவாக்ஸெட்டின் உடம்பை விட்டு மெதுவாக வெளியேறுவதால் அதில் தொல்லை குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2004-ல் பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி, அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் அடங்கும் என்றது. மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் 'நோய் திரும்பிவிட்டது' என்று மறுபடி மாத்திரைக்கே அனுப்பப்பட்டார்கள். அந்த வாசகம் மாற 2019 வரை ஆனது.

அதே 2019-ல் மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் எழுதிய கட்டுரைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிட்டலோபிராமை எடுத்துக்கொள்வோம். மூளையில் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் கடத்திகளில் 20 மில்லிகிராம் மருந்து சுமார் 80 சதவீதத்தை அடைக்கிறது. 9 மில்லிகிராமே 70 சதவீதத்தை அடைத்துவிடுகிறது. 5.4-க்கு 60, 3.4-க்கு 50. அப்படியானால் 20-லிருந்து 10-க்கு இறங்குவது சின்னப் படி. பாதி மாத்திரையான 5-லிருந்து பூஜ்யத்துக்குக் குதிப்பது மாடியிலிருந்து குதிக்கிற மாதிரி. 'பாதி வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன், விட்டதும்தான் போச்சு' என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

எனவே திட்டத்தில் படிகள் போகப் போகச் சிறுக்க வேண்டும்: 20, 9, 5.4, 3.4, 2.3, 1.5, 0.8, 0.4, அப்புறம்தான் பூஜ்யம். ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நின்று பார்ப்பார்கள். இவ்வளவு சின்ன அளவுக்கு மாத்திரையை வெட்ட முடியாது, திரவ மருந்து வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது சரியான வழி அல்ல. ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி, மறுபடி மறுபடி ஒரு குட்டி விலகலைத்தான் அது உண்டாக்கும்.

படி இறங்கிய சில நாளிலேயே, முன்பு இல்லாத தலைசுற்றலும் மின்வெட்டும் வந்தால் அது விலகல். பழைய அளவுக்குத் திரும்பினால் பெரும்பாலும் சில நாளில் தணியும். பிறகு இன்னும் சின்ன படியாக இறங்கலாம். நோய் திரும்புவதோ வழக்கமாக வாரங்கள், மாதங்கள் கழித்து, மெல்ல.

மேலே உள்ள எண்கள் சிட்டலோபிராமுக்கு மட்டுமே, அதுவும் சராசரிதான். எந்தப் படியில் எத்தனை நாள் என்பதை மருந்து எழுதிக் கொடுத்தவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்யணும்.