மெல்லன்பியின் ஓட்சு ஆய்வும் பைட்டிக் அமிலமும்

ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் மெல்லன்பி, எலும்பை வளையச் செய்யும் ரிக்கெட்சு நோயின் காரணத்தை அறிய நாய்க்குட்டிகளுக்கு வெவ்வேறு உணவு கொடுத்து ஆராய்ந்தார். முதல் முடிவுகள் 1918-19இல் வெளிவந்தன. காட் மீன் ஈரல் எண்ணெய் நோயைத் தடுத்தது. அது இல்லாதபோது, வெள்ளை மாவு தின்ற குட்டிகளைவிட ஓட்சு தின்றவையே அதிகம் பாதிக்கப்பட்டன. இது விந்தையானது, ஓட்சில்தான் கால்சியமும் பாசுபரசும் மிகுதி. எனவே தானியத்தில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் கருதினார். நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்தபோது அக்கேடு நீங்கியது.

1930களில் அந்த 'நஞ்சு' பைட்டிக் அமிலம் எனத் தெரியவந்தது. விதை தன் பாசுபரசைச் சேமித்துவைக்கும் வடிவமே அது. குடலில் அது கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பற்றிக்கொள்கிறது; அவற்றில் ஒரு பகுதி உடலில் சேராமல் கழிந்துவிடுகிறது.

விதை முளைவிடும்போது பைட்டேசு என்னும் நொதி பெருகி, இந்த அமிலத்தைச் சிதைத்து இளஞ்செடிக்குப் பாசுபரசு தருகிறது. முளைகட்டிய பயறில் பைட்டிக் அமிலம் குறைவது இதனால்தான், முழுதும் நீங்குவதில்லை.

வெறுமனே ஊறவைப்பது எல்லாத் தானியத்துக்கும் பயன்தராது. ஓட்சில் இந்நொதி இயல்பிலேயே குறைவு. கடையில் விற்கும் ஓட்சு நீராவியில் சூடேற்றப்படுவதால் இருப்பதும் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. இரவெல்லாம் ஊறினாலும் மாற்றம் சிறிதே. கோதுமையில் நொதி மிகுதி. ஆகவே, சிறிதளவு முழுக்கோதுமை மாவைக் கலந்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால், கோதுமையின் நொதி ஓட்சின் அமிலத்தையும் சிதைக்கும்.